‘நார்மல்’ என்று வந்த 0.9: சி-பெப்டைட் பரிசோதனையில் எதை, எப்போது எடுப்பது?

மன்னார்குடியில் ஒரு சின்ன லேபில் 19 வருடமாக ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்பு, சம்பாவுக்கு நாற்று விட்டிருந்த நேரத்தில், பெரியம்மா மகன் ஒரு ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். எனக்கு அண்ணன் முறை, அப்போது வயது 46. சுகர் வந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. மூன்று வகை மாத்திரை சாப்பிட்டும் மூன்று மாதச் சராசரி 11-ஐத் தாண்டியிருந்தது. ஒரே வருடத்தில் 63 கிலோவிலிருந்து 54-க்கு இறங்கியிருந்தார். டாக்டர் இன்சுலின் போடச் சொல்லிவிட்டார். வீட்டில் யாருக்கும் மனசில்லை. ‘உடம்பில் இன்சுலின் சுரக்கிறதா என்று பார்க்க ஒரு டெஸ்ட் இருக்கிறதாமே, அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம்’ என்று யாரோ சொல்ல, அவர்களாகவே வேறொரு ஊரில் வெறும் வயிற்றில் சி-பெப்டைட் எடுத்திருந்தார்கள்.

ரிப்போர்ட்டில் 0.9 என்று இருந்தது. பக்கத்தில் இயல்பு அளவு 0.8 முதல் 3.9 வரை என்று அச்சாகியிருந்தது. எண் தடித்த எழுத்தில் இல்லை, அம்புக்குறி இல்லை, சிவப்பு இல்லை. “பாத்தியா தம்பி, நார்மல்னு வந்துடுச்சு. கணையம் நல்லாத்தான் இருக்கு. இன்னொரு மாத்திரை சேத்துக்கிட்டா போதும்ல?” என்றார் அண்ணன்.

அதே நாள் எடுத்த வெறும் வயிற்றுச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டேன். 258.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 0.9 நார்மல் இல்லை. ஏன் என்பதைச் சொல்வதற்கு முன்னால் சி-பெப்டைட் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

கணையத்தின் பீட்டா செல்கள் இன்சுலினை நேராகச் செய்வதில்லை. முதலில் புரோஇன்சுலின் என்ற நீளமான ஒன்றைச் செய்கின்றன. டொனால்ட் ஸ்டைனர் 1967-ல் கண்டறிந்து சொன்னது இதைத்தான். அந்தப் புரோஇன்சுலின் வெட்டுப்படும்போது ஒரு பக்கம் இன்சுலின், இன்னொரு பக்கம் சி-பெப்டைட் என்று பிரிகிறது. ஒன்றுக்கு ஒன்று, சரிசமமாக. நெல்லை அரைத்தால் அரிசியும் உமியும் பிரிவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அரிசியை அளந்தால் போதாதா, உமியை ஏன் அளக்க வேண்டும்? காரணம் இருக்கிறது. கணையத்திலிருந்து வரும் இன்சுலினில் ஏறக்குறைய பாதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே எடுத்துக்கொள்கிறது. மீதியும் சில நிமிடங்களில் குறைந்துவிடுகிறது. சி-பெப்டைட்டைக் கல்லீரல் தொடுவதில்லை. அது அரை மணி நேரக் கணக்கில் ரத்தத்தில் நிற்கிறது, சிறுநீரகம்தான் மெதுவாக அப்புறப்படுத்துகிறது. இன்னொன்று, ஊசியில் போடும் இன்சுலின் கடையில் வாங்கிவந்த அரிசி. அதனோடு உமி வராது. ஆகவே ஊசி போட்டுக்கொண்டிருப்பவரின் ரத்தத்தில் சி-பெப்டைட் இருந்தால் அது அவருடைய சொந்த ஆலையில் அரைத்ததுதான்.

இதனால்தான் ஏற்கெனவே ஊசி போடுகிறவர்களுக்கு ‘ஃபாஸ்டிங் இன்சுலின்’ எடுப்பதை நான் பணவிரயம் என்று சொல்கிறேன். போட்ட ஊசியும் அதில் கலந்து வரலாம், பல வருடம் ஊசி போட்டவர்களின் உடம்பில் உருவாகும் எதிர்ப்பொருள்கள் அந்த அளவையும் குழப்பும். முழு உடல் பரிசோதனைப் பொட்டலங்களில் அது சேர்ந்தே வருவதால் பலர் அதை வைத்துக்கொண்டு வருகிறார்கள். இந்த முடிவுக்கு அது உதவாது.

சரி, அண்ணனின் 0.9-க்கு வருவோம். நல்ல கணையம் சர்க்கரையைப் பார்த்துத்தான் இன்சுலினை விடும். ஒருவருக்குச் சர்க்கரை 68 இருக்கும்போது 0.9 வந்தால், அது வேலை இல்லாத நேரத்தில் கணையம் அடக்கமாக இருக்கிறது என்று அர்த்தம். 258 இருக்கும்போது கணையம் முழு வேகத்தில் கொட்டியிருக்க வேண்டும். அப்போதும் 0.9-தான் வருகிறது என்றால் கொட்டுவதற்குக் கையிருப்பு குறைவு. ரிப்போர்ட்டில் அச்சாகும் இயல்பு அளவு, சர்க்கரை இல்லாத ஆட்கள் வெறும் வயிற்றில் இருக்கும்போது எடுத்த அளவு. 258 உள்ளவரை அதோடு ஒப்பிட முடியாது. சர்க்கரை அளவு இல்லாமல் தனியாக வரும் சி-பெப்டைட் ரிப்போர்ட்டை யாராவது நீட்டினால் நான் படிப்பதே இல்லை. அதே குத்தில் எடுத்த சர்க்கரை எங்கே என்றுதான் முதலில் கேட்பேன்.

ஆனால் ‘கையிருப்பு குறைவு’ என்பதை அப்படியே முடிவாகவும் எடுத்துக்கொள்ள முடியாது. சர்க்கரை பல வாரம் 250, 300 என்று நின்றால் பீட்டா செல்கள் அந்தச் சூட்டிலேயே மந்தமாகிவிடும். சர்க்கரையை இறக்கிச் சில வாரம் ஓய்வு கொடுத்தால் மறுபடி எழும். அதாவது அண்ணனின் 0.9-க்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஆலையே அழிந்துகொண்டிருக்கலாம், இல்லை ஆலை களைத்துப்போயிருக்கலாம். அந்த ஒரு ரிப்போர்ட் இதில் எதையும் சொல்லவில்லை. சர்க்கரை மிக அதிகமாகி, கொழுப்பு எரிவதால் உண்டாகும் கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் ஏறி, ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களுக்கு இரண்டு வாரம் கழிவதற்குள் சி-பெப்டைட் எடுக்கக்கூடாது என்று சொல்வதும் இதே காரணத்தால்தான்.

இப்போது அவர் முன்னால் இருந்த வழிகளைப் பார்ப்போம்.

முதல் வழி, வீட்டார் ஆசைப்பட்டது. பரிசோதனையை அத்தோடு விட்டுவிட்டு நாலாவது மாத்திரை ஒன்றைச் சேர்ப்பது. அப்போது டாபாகிளிஃப்ளோசின் விலை நன்றாக இறங்கி, எல்லாக் கடையிலும் கிடைத்தது. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகிற மாத்திரை. சரியான ஆளுக்கு அருமையான மருந்து, இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது. ஆனால் இன்சுலின் கையிருப்பு இல்லாத ஆளுக்கு அதுவே ஆபத்து. சர்க்கரை வெளியே போவதால் மீட்டரில் 170, 180 என்று நல்ல எண் காட்டும். உள்ளே இன்சுலின் இல்லாததால் உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோனைக் குவிக்கும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கல் என்று வரும்போது சர்க்கரை அளவைப் பார்த்து ‘சுகர் காரணமில்லை’ என்று எல்லோரும் ஏமாந்துபோவார்கள். காய்ச்சலில் சாப்பிடாமல் கிடந்தாலும் சஷ்டி விரதம் இருந்தாலும் இது சீக்கிரம் வரும். கிளிமிபிரைடைக் கூட்டுவதும் உதவாது. அது பீட்டா செல்லைப் பிழிந்து இன்சுலினை எடுக்கும் மருந்து, பிழிய ஒன்றும் இல்லாவிட்டால் எதைப் பிழிவது? ஒல்லியான, எடை இறங்குகிற ஆளுக்குக் கையிருப்பு தெரியாமல் மாத்திரை மேல் மாத்திரை சேர்ப்பதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

இரண்டாவது, பரிசோதனைக்குக் காத்திருக்காமல் இன்சுலினைத் தொடங்குவது. ஒன்பது கிலோ இறங்கி, சராசரி 11-க்கு மேல் போனவருக்கு இதுதான் சரி, எந்த வகைச் சர்க்கரையாக இருந்தாலும் சரி. அண்ணனிடம் நான் மன்றாடிச் சொன்னதும் இதைத்தான். இப்போது ஊசி போடலாமா என்ற கேள்விக்குச் சி-பெப்டைட் தேவையே இல்லை. அதைப் பிற்பாடு நிறுத்தலாமா என்ற கேள்விக்குத்தான் சி-பெப்டைட். ஊசியைத் தொடங்கினால் பரிசோதனை கெட்டுவிடும் என்ற பயமும் வேண்டியதில்லை. முன்பு சொன்ன மாதிரி, ஊசியில் உமி இல்லை.

அண்ணன் ஒப்புக்கொண்டார். இரவில் 10 யூனிட்டில் டாக்டர் தொடங்கினார், அப்புறம் காலைச் சர்க்கரையைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். மெட்ஃபார்மின் தொடர்ந்தது. எட்டு வாரத்தில் காலைச் சர்க்கரை 130 பக்கம் வந்தது. அப்போதுதான் மறு பரிசோதனை, இந்த முறை சரியான முறையில்.

சரியான முறை எது? வெறும் வயிற்றிலா, சாப்பிட்ட பிறகா என்பதுதான் அடுத்த ஒப்பீடு. நான் சாப்பிட்ட பிறகு எடுப்பதையே விரும்புகிறேன். வெறும் வயிற்றில் கணையம் சும்மா இருக்கும், அதுவும் இரவு ஊசி போட்டவருக்கு அந்த ஊசியே பாதி வேலையைப் பார்த்துவிடும். அப்போது வரும் குறைந்த அளவை வைத்து ஆலை மூடிவிட்டது என்று சொல்ல முடியாது. சாப்பிட்ட பிறகு எடுத்தால் கணையத்தை வேலை வாங்கிப் பார்க்கிறோம். பெரிய ஆராய்ச்சி ஏற்பாடு எதுவும் வேண்டாம். சாப்பிட்டு ஐந்து மணி நேரத்துக்குள் எடுத்தாலே போதும் என்று உலக அளவில் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பழக்கத்துக்கு, காலையில் நாலு இட்லியோ பொங்கலோ சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, சாப்பாட்டுக்குப் பிந்திய சர்க்கரைக்கு வரும்போதே அதே குத்தில் இதையும் எடுத்துவிடலாம்.

படிக்கும் முறையும் எளிது. சாப்பிட்ட பிறகு எடுத்தது 0.6-க்குக் கீழே இருந்தால் சொந்த இன்சுலின் மிகக் குறைவு, டைப் 1 என்கிற முதல் வகைச் சர்க்கரை மாதிரியே நடத்த வேண்டும். 1.8-க்கு மேலே இருந்தால் கையிருப்பு நன்றாக இருக்கிறது, பெரும்பாலும் இரண்டாம் வகை. நடுவில் இருந்தால் இது மட்டும் போதாது. இதெல்லாம் மில்லிலிட்டருக்கு நானோகிராம் கணக்கு. சில லேப்கள் லிட்டருக்கு நானோமோல் கணக்கில் கொடுப்பார்கள், அந்த எண்ணை மூன்றால் பெருக்கினால் ஏறக்குறைய இந்தக் கணக்கு வந்துவிடும். இரண்டையும் குழப்பிக்கொண்டு 0.5 நானோமோலை 0.5 நானோகிராம் என்று படித்துப் பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 0.5 நானோமோல் என்பது 1.5 நானோகிராம். எடுத்த நேரத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே இருந்து எண்ணும் குறைவாக வந்தால் அதை வைத்து முடிவு செய்யாமல் மறுபடி எடுக்க வேண்டும்.

ரத்தம் எடுப்பவனாக இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும். டெல்டாவின் சின்ன ஊர்களில் சி-பெப்டைட் கருவி அநேகமாக எந்த லேபிலும் இல்லை. ரத்தத்தை எடுத்து, பெட்டியில் வைத்து, தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ சென்னைக்கோ அனுப்புகிறோம். சாதாரணக் குழாயில் எடுத்த ரத்தத்தைப் பிரிக்காமல் வெயிலில் வண்டியில் வைத்தால் எண் நம்பத்தக்கதாக இருக்காது. சீரத்தைப் பிரித்துக் குளிரில் அனுப்ப வேண்டும். ஊதா மூடிக் குழாயில் எடுத்தால் அறை வெப்பத்திலேயே ஒரு நாள் தாங்கும், பெறுகிற லேப் அதை ஏற்குமா என்று கேட்டுக்கொண்டு நான் அதில்தான் எடுக்கிறேன். சர்க்கரைக்கான ரத்தம் சாம்பல் மூடிக் குழாயில்தான் போக வேண்டும். வேறு குழாயில் போனால் போகிற வழியெல்லாம் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், மணிக்கு 5 சதவீதத்துக்கு மேல் குறையும். 190 இருந்தது 130 என்று வரும், அப்போது சி-பெப்டைட்டைப் படிப்பதும் தப்பாகிவிடும். இது தெரியாமல் என் ஆரம்ப வருடங்களில் நானே ஒரே குழாயில் இரண்டுக்கும் அனுப்பியிருக்கிறேன். இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. இப்போது குத்தும்போதே மீட்டரிலும் ஒரு சொட்டு வைத்துப் பார்த்து, அந்த எண்ணைச் சீட்டில் எழுதிவிடுகிறேன்.

முடி வளர மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்பேன். அவற்றில் பயோட்டின் அதிகம். சில கருவிகளில் அது சி-பெப்டைட்டை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு வருவது நல்லது.

அண்ணனுக்கு இரண்டாவது முறை வந்தது இது: சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை 196, சி-பெப்டைட் 1.1. எட்டு வாரம் ஓய்வு கொடுத்தும், சாப்பாட்டால் வேலை வாங்கியும் 1.1-தான். களைப்பு மட்டும் காரணமாக இருந்திருந்தால் இதைவிட நன்றாக எழுந்திருக்கும். ஆனாலும் 0.6-க்கும் 1.8-க்கும் நடுவில், எந்தப் பக்கமும் சாயாத இடம்.

இங்கேதான் அடுத்த பரிசோதனை வருகிறது. ஜிஏடி ஆன்டிபாடி. உடம்பே தன் பீட்டா செல்களைத் தாக்குகிறதா என்று காட்டுவது. சி-பெப்டைட்டைவிட விலை அதிகம், அதனால் பலர் தயங்குகிறார்கள். இரண்டும் ஒரே கேள்விக்கு விடை சொல்வதில்லை. சி-பெப்டைட் இன்று எவ்வளவு மிச்சம் என்கிறது. ஜிஏடி ஏன் குறைகிறது, இனி என்ன ஆகும் என்கிறது. சுகர் வந்து மூன்று வருடத்துக்குள் இருப்பவராக இருந்தால், அதுவும் ஒல்லியாக, வயது குறைவாக இருந்தால், ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நான் ஜிஏடியைச் சொல்வேன். ஏனென்றால் முதல் வகையிலும் ஆரம்ப வருடங்களில் சி-பெப்டைட் நன்றாகவே இருக்கலாம், அதை நம்பி ஏமாறலாம். மூன்று வருடம் கடந்தவருக்கு, அதுவும் ஊசி போட்டுக்கொண்டிருப்பவருக்கு, சி-பெப்டைட்டைச் சொல்வேன். நடுவில் விழுந்தால் இரண்டும். ஜிஏடி நெகட்டிவ் என்பதாலேயே முதல் வகை இல்லை என்று ஆகாது என்பதையும், லேசாகப் பாசிட்டிவ் வந்து சி-பெப்டைட் 3, 4 என்று இருந்தால் பாசிட்டிவை அப்படியே நம்ப வேண்டியதில்லை என்பதையும் டாக்டர்கள் சொல்வார்கள்.

அண்ணனுக்கு ஜிஏடி பாசிட்டிவ், வரம்பைவிடப் பல மடங்கு. அதாவது 41 வயதில் தொடங்கியது பெரியவர்களுக்கு மெதுவாக வரும் முதல் வகை. ஐந்து வருடம் இரண்டாம் வகை என்று நினைத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். நாற்பதில் சுகர் வந்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். டாக்டர் கிளிமிபிரைடை நிறுத்தினார், டாபாகிளிஃப்ளோசின் பேச்சையே எடுக்க வேண்டாம் என்றார், இரவு ஊசி தொடர்ந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சி-பெப்டைட் பார்க்கச் சொன்னார்.

ஜிஏடி நெகட்டிவாக வந்திருந்தால்? ஒல்லியான ஆள், நடுவில் உள்ள சி-பெப்டைட், ஆன்டிபாடி இல்லை என்றால் நம் தென்பகுதியில் இன்னொன்றையும் தேட வேண்டும். கணையத்தில் கல் படிந்து வரும் சர்க்கரை. சின்ன வயதிலிருந்து வந்துபோகும் வயிற்றுவலி, எண்ணெய் மிதக்கிற மலம் என்று கேட்டால் சொல்வார்கள். வயிற்று எக்ஸ்ரேயோ ஸ்கேனோ கல்லைக் காட்டிவிடும். இவர்களுக்குக் கீட்டோன் சுலபத்தில் ஏறாது, ஆனாலும் பலருக்கு இன்சுலின் தேவைப்படும்.

இதே எண் எதிர்ப்பக்கமும் வழிகாட்டும். கும்பகோணத்தில் இருக்கும் அத்தைக்கு வயது 62, எடை 74 கிலோ. ஒன்பது வருடத்துக்கு முன்பு காலில் புண்ணோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது கலப்பு இன்சுலின் தொடங்கினார்கள். புண் ஆறியது, ஊசி நிற்கவில்லை. காலை 30, இரவு 18 என்று ஓடிக்கொண்டிருந்தது. விடியற்காலை வியர்த்துக் கொட்டி எழுந்து சர்க்கரையை அள்ளிப் போட்டுக்கொள்வாராம், அதை எங்களிடம் சொன்னதே இல்லை. அவருக்குச் சாப்பிட்ட பிறகு சி-பெப்டைட் 3.6, சர்க்கரை 168.

அந்த 3.6-ஐப் பார்த்ததும் நான் முதலில் தேடியது கிரியேட்டினின். சி-பெப்டைட்டை வெளியேற்றுவது சிறுநீரகம் என்பதால், சிறுநீரகம் பழுதானவருக்கு அது தேங்கி, உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். அத்தைக்குக் கிரியேட்டினின் 0.9, அதனால் 3.6-ஐ நம்பலாம். கிரியேட்டினின் 2.5 என்று இருந்திருந்தால் இதே 3.6-ஐ வைத்து ஊசியைக் குறைக்கத் துணியக் கூடாது. டாக்டர் மெட்ஃபார்மினும் டாபாகிளிஃப்ளோசினும் சேர்த்து, ஊசியை வாரம் வாரம் இறக்கினார். நாலு மாதத்தில் இரவு 14 யூனிட் மட்டும் என்று நின்றது. முழுக்க நிறுத்திப் பார்த்தபோது காலைச் சர்க்கரை ஏறியதால் அந்த 14-ஐ வைத்துக்கொண்டார்கள். கையிருப்பு இருக்கிறது என்றால் ஊசியே வேண்டாம் என்று ஆகிவிடாது, குறைத்துப் பார்க்கலாம் என்பதுதான். அதையும் அவராகச் செய்யவில்லை. விடியற்காலை வியர்ப்பது நின்றுவிட்டது.

அதே மாத்திரை அண்ணனுக்கு ஆபத்து, அத்தைக்கு நல்லது. இருவருக்கும் வயது, எடை எல்லாம் வேறு என்பதால் பார்த்தாலே தெரியாதா என்று கேட்கலாம். அத்தை மாதிரி ஆட்களில் பலருக்குத் தெரிந்துவிடும். ஐம்பது வயதுக்கு மேல், தொந்தியோடு, இரண்டு மாத்திரையில் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறவருக்கு இந்தப் பரிசோதனை வேண்டவே வேண்டாம். வந்து கேட்டால் திருப்பி அனுப்பிவிடுவேன். எடை இறங்குகிறவர், மாத்திரை வேகமாகத் தோற்கிறவர், ஊசியைக் குறைக்கலாமா என்று யோசிக்கிறவர், இவர்களுக்குத்தான் இந்தச் செலவு.

அண்ணனின் எண்கள் என் நோட்டில் வரிசையாக இருக்கின்றன. எல்லாம் சாப்பிட்ட பிறகு, சர்க்கரையோடு சேர்த்து எடுத்தவை. 1.1-க்குப் பிறகு ஆறு மாதத்தில் 0.9, அடுத்து 0.7. அந்தச் சமயத்தில் காலைச் சர்க்கரை சரியாக இருந்தும் சாப்பிட்ட பிறகு 280, 300 என்று தாவத் தொடங்கியது, டாக்டர் சாப்பாட்டு நேர ஊசியையும் சேர்த்தார். போன தை மாதம், அறுவடை முடிந்த கையோடு வந்து ரத்தம் கொடுத்தார். சர்க்கரை 174, சி-பெப்டைட் 0.4. எடை 61. “இனிமே இதை எடுக்க வேணாமா தம்பி?” என்று கேட்டார். வேண்டாம் அண்ணே, இனி அந்தக் காசுக்கு மீட்டர் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.